ஏழு பொருந்தியும் தட்டிப்போகும் ஜாதகம்

பெண் ரோகிணி, பையன் திருவோணம். கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வேதை என்று பத்தில் ஏழு கூடிவருகிறது. தினமும் வசியமும் இல்லாததை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. இடிப்பது ரஜ்ஜு.

27 நட்சத்திரங்களையும் பாதம், தொடை, வயிறு, கழுத்து, சிரசு என்று ஐந்து ரஜ்ஜுவாகப் பிரிப்பது மரபு. இருவருக்கும் ஒரே ரஜ்ஜு வரக் கூடாது. ரோகிணியும் திருவோணமும் கழுத்து ரஜ்ஜு. திருவாதிரை, அஸ்தம், சுவாதி, சதயமும் அதில்தான் சேரும். ஒன்று ஏறுமுகம், மற்றது இறங்குமுகம் என்றால் சேர்க்கலாம் என்று சொல்கிற ஜோசியர்கள் உண்டு. இங்கே இரண்டுமே ஏறுமுகம் என்பதால் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

இதைச் சொல்வதில்தான் பக்குவம் தேவை. கழுத்து ரஜ்ஜுவுக்கு மரபு சொல்லும் பலன், மனைவியின் உயிருக்கு ஆகாது என்பது. ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் கேட்டு வந்த பிள்ளைகளிடம் அதை அப்படியே போட்டு உடைப்பவர்களும் இருக்கிறார்கள். பக்குவம் தெரிந்தவர் எழுதித் தரும் சீட்டு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“இரு வீட்டாருக்கும் வணக்கம். ஏழு பொருத்தம் இருக்கிறது. ரஜ்ஜு இல்லாததால், சாஸ்திரப்படி இந்த வரனைச் சேர்க்க என்னால் சொல்ல முடியவில்லை. இது இரண்டு நட்சத்திரங்களும் சேர்வதைப் பற்றிய கணக்கு மட்டுமே. பாப்பா ஜாதகத்திலோ தம்பி ஜாதகத்திலோ குறை என்று யாரும் பேச வேண்டாம். பரிகாரம் என்று செலவு வைக்க எனக்கு மனமில்லை. பிறந்த நேரத்தை மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டு, முடிவை நீங்களே எடுங்கள்.”

நேரத்தைப் பார்க்கச் சொல்வது வெறும் சமாதானமல்ல. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பையன் திருவோணம் முடிகிற தறுவாயில் பிறந்திருந்தால், கொஞ்ச நேர வித்தியாசத்தில் அவிட்டமாகிவிடும். அது சிரசு ரஜ்ஜு, தடை போய்விடும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் வேறுபடுவதால், ஒன்றில் திருவோணமாக இருப்பவர் மற்றதில் அவிட்டமாக இருக்கலாம். பல வீட்டுச் சண்டைகள் இந்த இடைவெளியில் பிறந்தவைதான். கல்யாணத்தின் ஆயுளை இப்படிக் கணிக்கலாம் என்பதற்கு அறிவியல் சான்று கிடையாது. நம்புகிறவர்களுக்கும் விடை பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் மாறுகிறது.

நட்சத்திரத்தின் நடுவில் பிறந்தவர்களுக்கு இந்த வாய்ப்பும் இல்லை. அப்போது பெரியவர்கள் தணிந்த குரலில் கேட்பார்கள்: “நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமா சாமி?” வேறு ஜோசியரிடம் தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் இதே நேரத்தோடு காட்டுங்கள் என்று சொல்லி, மஞ்சள் தடவிய இரண்டு ஜாதகங்களையும் அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.