பெட்டியில் இருந்த இருமல் மருந்து

துபாய் விமான நிலையம். சென்னையிலிருந்து மகளைப் பார்க்க வந்த ஒரு பெரியவரின் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, 100 மில்லி சிரப் பாட்டில் இரண்டை எடுத்து வைத்தார்.

"இதற்கு மருத்துவர் சீட்டு இருக்கிறதா?"

"இருமல் மருந்துதான் சார். எங்க தெருமுனைக் கடையில் கேட்டாலே கொடுப்பாங்க."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படி மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதிகாரியின் விரல் நிற்பது லேபிளில் உள்ள 'கோடீன் பாஸ்பேட்' என்ற வரியில். பொதுவாக 5 மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். அப்படியானால் ஒரு பாட்டிலில் 200 மில்லிகிராம். கோடீன் அபின் வகையைச் சேர்ந்தது. கல்லீரல் அதில் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றுகிறது. இருமலை அடக்குவதும், பழக்கத்துக்கு அடிமையாக்குவதும் அதுவே.

உண்மையில் இந்தியாவிலும் இது கேட்டவுடன் தரக்கூடிய மருந்தல்ல. அட்டவணை எச்1-இல் உள்ளது. சீட்டைப் பார்த்து, மருத்துவர், நோயாளி பெயர்களைப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். பல கடைகள் அதைச் செய்யாததுதான் பெரியவரை இங்கே நிறுத்தியிருக்கிறது. கடைக்காரரின் அந்த அலட்சியத்தை என்னால் சிறிய தவறாக நினைக்க முடியவில்லை.

அமீரகத்தில் கோடீன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், மருத்துவர் சீட்டு, நோய் விவர அறிக்கையுடன் அந்நாட்டு அரசிடம் இணையம் வழியாக முன்அனுமதி பெற வேண்டும். வறட்டு இருமலுக்குக் கோடீன் இல்லாத சிரப்புகளும் உண்டு. ஆனால் அவற்றின் லேபிளையும் படித்து, போகும் நாட்டின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பெட்டியில் வைக்கலாம்.