சளி, ஃபுளூ காய்ச்சலின்போது கான்டாக்ட் லென்ஸ்

தொடுவில்லை எனப்படும் கான்டாக்ட் லென்ஸ், கருவிழியின் மேல் உள்ள கண்ணீர்ப் படலத்தில் மிதந்தபடி பார்வைக் குறையைச் சரிசெய்யும் மெல்லிய வில்லை ஆகும். சளி அல்லது ஃபுளூ காய்ச்சல் இருக்கும் நாட்களில் லென்ஸ் அணிவதை நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மாறும்படி கண் மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். இதற்குக் காரணம் சளிக் கிருமி மட்டும் அன்று. லென்ஸ் பாதுகாப்பாக இருப்பதற்குத் தேவையான மூன்று நிபந்தனைகள், அதாவது போதிய கண்ணீர், சுத்தமான கை, இரவில் தவறாமல் கழற்றும் பழக்கம் ஆகிய மூன்றுமே இந்த நாட்களில் ஒன்றாகத் தளர்ந்துவிடுகின்றன.

கருவிழியும் கண்ணீரும்

கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதனால்தான் அது கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே பெறுகிறது. கண்ணீர் வெறும் நீரும் அன்று. லைசோசைம், லாக்டோபெரின் போன்ற கிருமி எதிர்ப்புப் புரதங்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் பழைய கண்ணீர் துடைக்கப்பட்டு, கண்ணின் உள் ஓரத்தில் உள்ள சிறு துளைகள் வழியாக மூக்கினுள் வடிகிறது. கண்ணில் விழும் கிருமிகளில் பெரும்பாலானவை இப்படியே வெளியேற்றப்படுகின்றன.

லென்ஸ் அணிந்தால் இந்தப் படலம் இரண்டாகப் பிரிகிறது. லென்ஸுக்கு முன்னால் ஓர் அடுக்கும் பின்னால் ஓர் அடுக்கும் உண்டாகின்றன. மென் லென்ஸின் பின்னால் உள்ள கண்ணீர் மெதுவாகவே மாறுவதால், அங்கே சிக்கும் கிருமி கருவிழியோடு அதிக நேரம் ஒட்டியிருக்கும். நலமாக இருக்கும் கண் இதைச் சமாளித்துக்கொள்கிறது. சளி பிடித்த கண்ணுக்கு அந்த வலிமை குறைகிறது.

சளியின்போது கண்ணில் ஏற்படும் மாற்றங்கள்

மூக்கடைப்பு ஏற்படும்போது கண்ணீர் வடியும் குழாயின் மூக்குப்பக்க வாயும் வீங்கிக்கொள்கிறது. வடிய வழியில்லாத கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. கண்ணில் நீர் நிறைய இருப்பதால் லென்ஸுக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் இது தேங்கி வழியும் நீரே தவிர, ஓடிக் கழுவும் நீர் அன்று.

இதற்கு நேர்மாறான நிலையைச் சளி மாத்திரைகள் உண்டாக்குகின்றன. பல கூட்டு மாத்திரைகளில் குளோர்பெனிரமின் என்னும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து இருக்கிறது. மூக்கு ஒழுகுவதைக் குறைக்கும் அதே செயலால் அது கண்ணீர் சுரப்பையும் குறைக்கிறது. காய்ச்சலால் உடலில் நீர் குறைவதும், மின்விசிறிக்கு நேராகப் படுத்திருப்பதும் சேர்ந்தால் கண் மேலும் வறண்டு போகும். மென் லென்ஸ் நீரை உள்வாங்கி வைத்திருக்கும் பொருளால் ஆனது. கண்ணீர் குறையும்போது அது வறண்டு, கருவிழியில் உரசத் தொடங்குகிறது. அந்த உரசலால் மேல்தோலில் ஏற்படும் நுண்ணிய கீறல்களே கிருமிகள் உள்ளே நுழையும் வாசல்.

கை வழியாக வரும் ஆபத்து

சளி பிடித்தவர் ஒரு நாளில் எத்தனை முறை மூக்கைத் துடைக்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அளவு புரியும். லென்ஸ் போடவும் எடுக்கவும் விரல் நேராகக் கண்ணைத் தொட வேண்டும். சளியை உண்டாக்கும் அடினோ வைரஸின் சில வகைகள், மெட்ராஸ் ஐ என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் வெண்படல அழற்சியையும் உண்டாக்குகின்றன. மூக்கிலும் தோலிலும் இயல்பாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களும் அதே விரலில் வருகின்றன.

லென்ஸ் கரைசலில் ஊறவைத்தால் எல்லாக் கிருமிகளும் இறந்துவிடும் என்ற நம்பிக்கை தவறானது. லென்ஸ் கரைசல்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 14729 மூன்று பாக்டீரியா வகைகளையும் இரண்டு பூஞ்சை வகைகளையும் கொண்டே கரைசலின் திறனைச் சோதிக்கிறது. வைரஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

நம் வீடுகளில் சளிக்குச் செய்யும் இரண்டு வைத்தியங்களையும் இங்கே கவனிக்க வேண்டும். நெற்றியிலும் மூக்கிலும் தைலம் தேய்த்த விரலைச் சோப்பால் ஒருமுறை கழுவினாலும் எண்ணெய்ப் பசை எளிதில் போகாது. அந்த விரலால் தொட்ட மென் லென்ஸ் தைலத்தை உறிஞ்சி, கண்ணில் கடும் எரிச்சலைத் தரும். அந்த லென்ஸைக் கழுவிப் பயன்படுத்த முயலாமல் எறிந்துவிடுவதே சரி. ஆவி பிடிக்கும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கக் கூடாது.

லென்ஸோடு தூங்கிவிடுதல்

குளோர்பெனிரமின் தூக்கத்தை வரவழைக்கும். காய்ச்சல் அசதியில் பிற்பகலில் சற்றுப் படுத்தவர் மறுநாள் காலைதான் எழுகிறார். மூடிய இமைக்குள் கருவிழிக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏற்கனவே குறைவு. லென்ஸும் இருந்தால் அது இன்னும் குறைகிறது. இமைக்காததால் கண்ணீரும் மாறுவதில்லை. 1989-இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியைச் சார்ந்து வெளியான ஓர் ஆய்வின்படி, பகலில் மட்டும் மென் லென்ஸ் அணிந்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. இரவிலும் தொடர்ந்து அணியும் வகை லென்ஸைப் பயன்படுத்தியவர்களில் அது சுமார் 21 பேர். நோயின் எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் தூக்கம் அதை ஐந்து மடங்கு ஆக்குகிறது.

சிவந்த கண்ணைப் பிரித்தறிதல்

லென்ஸை நிறுத்துவதால் மற்றொரு பயனும் உண்டு. சளியின்போது கண் சிவப்பது சாதாரணம். லென்ஸ் அணியாதவரின் சிவந்த கண் பெரும்பாலும் வைரஸால் வந்ததாகவே இருக்கும். லென்ஸ் அணிந்துகொண்டே இருப்பவரின் சிவந்த கண் சளியால் வந்ததா, கருவிழிப் புண்ணின் தொடக்கமா என்று அவருக்கே தெரியாது. "சளிதானே" என்று அவர் காத்திருக்கும் ஓரிரு நாட்களே ஆபத்தானவை. லென்ஸ் அணிபவர்களைத் தாக்கும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா அந்தக் கால அளவுக்குள் கருவிழியைக் கடுமையாகச் சிதைக்க வல்லது. ஆறிய பின் எஞ்சும் வடு பார்வையை நிரந்தரமாக மறைக்கலாம்.

வைரஸ் அழற்சியில் பொதுவாக ஒரு கண் சிவந்து, சில நாட்களில் மற்றதும் சிவக்கும். நீர் வடியும், மணல் விழுந்தது போல் உறுத்தும். இமைத்ததும் பார்வை தெளியும். கருவிழிப் புண் பெரும்பாலும் ஒரே கண்ணில் வரும். உறுத்தலாக இல்லாமல் வலியாக இருக்கும். லென்ஸை எடுத்த பிறகும் வலி குறையாமல் கூடும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, பார்வை மங்கும். சில சமயம் கருவிழியில் வெண்ணிறப் புள்ளி தெரியும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கழற்றிய லென்ஸையும் அதன் டப்பாவையும் எறியாமல் எடுத்துச் சென்றால், எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் கண்டறிய அவை உதவும்.

மருந்துக் கடையில் தானாகச் சொட்டு மருந்து வாங்கிப் போடுவதைத் தவிர்க்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து சிவப்பை உடனே குறைக்கும். ஆனால் கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் குறைப்பதால், அடியில் புண் வளர இடம் கொடுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

மாதம் ஒருமுறை மாற்றும் மென் லென்ஸ் அணியும் ஒரு கல்லூரி மாணவியை எடுத்துக்கொள்வோம். 5-ஆம் தேதி புதிய லென்ஸைத் திறந்தார். 12-ஆம் தேதி மாலை தொண்டை கரகரக்கிறது, தும்மல் வருகிறது. அவர் கையைச் சோப்பால் கழுவி, துணியில் துடைத்து உலர்த்தி, லென்ஸ்களைக் கழற்றுகிறார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் கரைசல் விட்டுத் தேய்த்து அலசி, காலியான டப்பாவில் புதுக் கரைசல் ஊற்றி வைக்கிறார். பழைய கரைசலோடு புதியதைச் சேர்ப்பதில்லை. குழாய்த் தண்ணீர் படவிடுவதும் இல்லை.

13 முதல் 16 வரை காய்ச்சல், சளி மாத்திரை, மூக்குக் கண்ணாடி. 15-ஆம் தேதி இரு கண்களும் லேசாகச் சிவந்து நீர் வடிகின்றன. வலி இல்லை, பார்வை தெளிவாக இருக்கிறது. இரண்டு நாட்களில் சிவப்பு மறைகிறது. மாத்திரையை 16-ஆம் தேதி இரவோடு நிறுத்துகிறார். 19-ஆம் தேதி மூக்கு ஒழுகல் இல்லை, கண் வெண்மையாக இருக்கிறது, வறட்சி இல்லை. இப்போது அவர் லென்ஸ் அணியலாம்.

ஆனால் டப்பாவில் இருக்கும் பழைய லென்ஸை அணியக் கூடாது. சளி தொடங்கிய நாளில் கண்ணில் இருந்தது அது. பிறகு கண்ணும் சிவந்தது. எனவே அந்த லென்ஸையும் டப்பாவையும் எறிந்துவிட்டு, புதிய லென்ஸையும் புதிய டப்பாவையும் தொடங்குகிறார். முதல் நாள் சில மணி நேரம் மட்டும் அணிந்து பார்க்கிறார். அவருக்கு ஏற்பட்ட இழப்பு, பாதி மாதம் மீதமிருந்த ஒரு ஜோடி லென்ஸ்.

கண் சிவக்கவே இல்லை என்றால் பழைய லென்ஸை மறுபடி சுத்தம் செய்து, புதுக் கரைசலில் ஊறவைத்து அணியலாம். ஆயினும் மாதக் கணக்கு திறந்த நாளிலிருந்தே ஓடும். அணியாத நாட்களைக் கழித்துக்கொள்ள முடியாது. மூடிய டப்பாவில் எத்தனை நாள் வைக்கலாம் என்பது கரைசலுக்குக் கரைசல் மாறுவதால் புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். தினமும் எறியும் வகை லென்ஸுக்கு இந்தக் கவலை இல்லை. மெட்ராஸ் ஐ வந்திருந்தால் நாளைத் தானே எண்ணாமல், மருத்துவர் அனுமதித்த பிறகே லென்ஸ் அணிய வேண்டும்.

மூக்குக் கண்ணாடி

லென்ஸ் அணிபவர்கள் பலரிடம் இருப்பது பழைய பவர் கண்ணாடியாகும். அது மங்கலாகத் தெரிவதாலேயே காய்ச்சலிலும் லென்ஸை விட முடியாமல் போகிறது. பவர் அதிகமானவர்களுக்குக் கண்ணாடிப் பவரும் லென்ஸ் பவரும் ஒன்றல்ல. கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி அமரும் கண்ணாடியில் -6.00 தேவைப்படுபவருக்கு, கண்ணின் மேலேயே அமரும் லென்ஸில் சுமார் -5.50 போதும். ஆகவே லென்ஸ் பெட்டியின் எண்ணைக் கடையில் காட்டிக் கண்ணாடி செய்யாமல், பரிசோதனையின்போது இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது.