நான்காம் நாள் சரியாக இருந்த கணக்கு

பி.ஃபார்ம் ஆறாம் செமஸ்டரில் பயோஃபார்மசூட்டிக்ஸ் படித்தவர்களுக்கும் ஜிபேட் எழுதப் போகிறவர்களுக்கும் இந்த மாதிரிக் கேள்வி பழகிப்போனது. ‘ஒரு மருந்தின் அரை ஆயுள் 48 மணி நேரம். தினமும் ஒரே டோஸ் கொடுத்தால் ஸ்டெடி ஸ்டேட் வர எத்தனை நாள் ஆகும்? டோஸை இரட்டிப்பாக்கினால் எத்தனை நாள்?’ முதல் பாதிக்கு 8 முதல் 10 நாள் என்று பலரும் போட்டுவிடுவார்கள். சறுக்குவது இரண்டாம் பாதியில்தான். இரண்டு மடங்கு கொடுத்தால் பாதி நாளில் வந்துவிடும் என்று பேனா தானாகவே 4 என்ற விடையை டிக் செய்யப் பார்க்கும். ஆனால் அதற்கும் அதே 8 முதல் 10 நாள்தான்.

ஏன் என்று புரிய, எளிய எண்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மருந்தின் அரை ஆயுள் 24 மணி நேரம் என்றால், இன்று உடலில் இருப்பதில் பாதி நாளை இதே நேரத்துக்குள் வெளியேறிவிடும். தினமும் 100 மி.கி. கொடுக்கிறார்கள். முதல் நாள் மருந்து போட்டதும் உடலில் 100. மறுநாள் அதில் 50 மிஞ்சியிருக்க, புதிதாக 100 சேர்ந்து 150 ஆகிறது. மூன்றாம் நாள் 175, நான்காம் நாள் 187.5. ஏறிக்கொண்டே போனாலும் ஏற்றம் நாளுக்கு நாள் குறைகிறது. உடலில் இருப்பு 200-ஐ நெருங்கும்போது ஒரு நாளில் வெளியேறுவது 100, உள்ளே வருவதும் 100. வரவும் செலவும் சமமாகும் இந்தக் கட்டம்தான் ஸ்டெடி ஸ்டேட்.

டோஸை 200 ஆக்கினால் என்ன நடக்கும்? 200, 300, 350, 375 என்று ஏறி 400-இல் போய் நிற்கும். உயரம் இரட்டிப்பானதே தவிர, அங்கே போய்ச் சேரும் நாள் மாறவில்லை. ஒவ்வொரு அரை ஆயுள் கடக்கும்போதும், போக வேண்டிய மீதித் தூரத்தில் பாதி முடிகிறது: 50 சதவீதம், 75, 87.5, பிறகு 94, பிறகு 97. அதனால்தான் ‘நான்கு முதல் ஐந்து அரை ஆயுள்’ என்ற விதி. பழைய இலக்கான 200-ஐ முதல் நாளே தொட்டுவிட்டோமே என்று கேட்கலாம். தொட்டது உண்மை. ஆனால் அதே டோஸைத் தொடர்ந்தால் அது அங்கே நிற்காது, 400-க்குப் போகும். முதல் நாள் மட்டும் 200 கொடுத்து, மறுநாளிலிருந்து 100-க்கு இறங்கினால்? முதல் நாளிலேயே 200, மறுநாள் 100 மிஞ்சி 100 சேர்ந்து மறுபடியும் 200. இந்த முதல் நாள் தனி டோஸுக்குத்தான் லோடிங் டோஸ் என்று பெயர். பின்னால் தினமும் போகும் 100, மெயின்டெனன்ஸ் டோஸ்.

இந்த மூன்றும் ஒரே மருந்தில் அச்சு அசலாகத் தெரிய வேண்டுமென்றால் டிஜாக்சினைத்தான் பார்க்க வேண்டும். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் வேகத்தைக் குறைக்கவும், இதயச் செயலிழப்பிலும் கொடுக்கப்படும் பழைய மருந்து இது. இதன் குடும்பம் ஃபாக்ஸ்குளோவ் செடியிலிருந்து வந்தது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் அந்தச் செடியின் இலையை நீர்க்கோவை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை 1785-இல் நூலாக வெளியிட்டார். மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும், குமட்டலோ நாடி தளர்ச்சியோ தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரத்தத்தில் அளந்து பார்க்க வழியில்லாத காலத்தில், நோயாளியின் வயிறும் நாடியும்தான் அவருக்கு அளவுகோல்.

சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு டிஜாக்சினின் அரை ஆயுள் 36 முதல் 48 மணி நேரம். தேர்வுத் தாளில் வரும் நோயாளிக்கு 70 கிலோ எடை, அரை ஆயுள் 48 மணி என்று வைத்துக்கொள்வோம். இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் வேண்டும். லோடிங் டோஸ் எவ்வளவு?

இதற்கு மருந்து எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்று தெரிய வேண்டும். டிஜாக்சினுக்கு இந்தப் பரவல் கொள்ளளவு சுமார் 500 லிட்டர். 70 கிலோ மனிதருக்குள் 500 லிட்டரா என்று மாணவர்கள் திகைக்கும் இடம் இது. கரித்துண்டுகள் போட்ட வாளி நீரில் மை ஊற்றினால், கரி பெரும்பாலான மையை உறிஞ்சிக்கொள்ளும். நீரின் வெளிறிய நிறத்தை மட்டும் பார்ப்பவர் வாளி மிகப் பெரியது என்றே கணக்கிடுவார். டிஜாக்சினுக்குத் தசையும் இதயமும்தான் கரி. மருந்தில் பெரும்பகுதி அங்கே போய் ஒட்டிக்கொள்வதால் இரத்தத்தில் மிஞ்சுவது கொஞ்சம். 500 லிட்டர் என்பது உடம்பின் உண்மையான அளவு அல்ல, இரத்த அளவை வைத்துப் பின்னோக்கிப் போட்ட கணக்கு.

இனி கணக்கு எளிது. மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்றாலும் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றாலும் ஒன்றுதான். 500 லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் உடலுக்குள் இருக்க வேண்டும். மாத்திரையாக விழுங்கினால் சுமார் 70 சதவீதம்தான் இரத்தத்துக்கு வந்து சேரும். எனவே 500-ஐ 0.7-ஆல் வகுத்தால் 714 மைக்ரோகிராம், அதாவது ஏறத்தாழ 0.75 மி.கி. வழக்கமான 0.25 மி.கி. மாத்திரையில் மூன்று. மருத்துவமனையில் இதை ஒரே மூச்சில் கொடுப்பதில்லை. பாதி அளவை முதலில் கொடுத்து, மீதியை 6 முதல் 8 மணி இடைவெளியில் இரண்டு பங்காகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு பங்குக்கும் முன்னால் நாடித் துடிப்பைப் பார்ப்பார்கள். அவசரமில்லாத இதயச் செயலிழப்பு நோயாளிக்கு லோடிங் டோஸே தேவைப்படாது. ஒரு வாரம் பத்து நாள் பொறுத்தால் தினசரி மாத்திரையே அங்கே கொண்டுபோய் விடும்.

கவனித்தால், லோடிங் டோஸ் கணக்கில் அரை ஆயுள் எங்குமே வரவில்லை. அது கேட்பது பரவல் கொள்ளளவை மட்டும். மெயின்டெனன்ஸ் டோஸ் கேட்பது வேறு ஒன்றை: உடல் ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் இரத்தத்திலிருந்து மருந்தை அகற்றுகிறது என்பதை. இதைக் கிளியரன்ஸ் என்பார்கள். நம் நோயாளிக்கு 0.693-ஐ 500-ஆல் பெருக்கி 48-ஆல் வகுத்தால் மணிக்கு 7.2 லிட்டர், நாளுக்கு 173 லிட்டர். தினமும் ஒரு 0.25 மி.கி. மாத்திரை என்றால் உள்ளே சேர்வது 175 மைக்ரோகிராம். அதை 173-ஆல் வகுத்தால் சராசரி அளவு 1 நானோகிராம். மூன்று மாத்திரையில் தொடங்கி, தினம் ஒன்றாகத் தொடர்ந்தால் கணக்கு ஒத்துப்போகிறது.

அடுத்து, தேர்வில் கெட்டிக்காரர்களையும் மடக்கும் கேள்வி. அதே 70 கிலோ, ஆனால் வயதானவர், சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது. டிஜாக்சின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால் அரை ஆயுள் 96 மணி நேரமாக நீண்டுவிட்டது. லோடிங் டோஸ் இல்லாமல் தினம் 0.25 மி.கி. தொடங்கி, நான்காம் நாள் இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 1 நானோகிராம். அறிக்கையில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. டோஸ் பொருத்தம்தான் என்று அப்படியே தொடரலாமா?

கூடாது. 96 மணி நேரம் என்பது நான்கு நாள், ஒரே ஒரு அரை ஆயுள். அன்று தெரிந்த 1 நானோகிராம், போய்ச் சேரப்போகும் உயரத்தில் பாதிதான். கிளியரன்ஸ் பாதியானதால் ஸ்டெடி ஸ்டேட் இரட்டிப்பாகி 2 நானோகிராமை எட்டும், அதற்கு 16 முதல் 20 நாள் ஆகும். அது நச்சுத்தன்மை தொடங்கக்கூடிய எல்லை. பசியின்மை, குமட்டல், பொருள்கள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிவது, நாடி குறைவது அல்லது தப்பித் தப்பித் துடிப்பது என்று மூன்றாம் வாரத்தில் தொல்லை தலைகாட்டும். அதற்குள் நோயாளி வீடு போய்ச் சேர்ந்திருப்பார். பசி எடுக்கவில்லை என்பதை வீட்டில் வயசு என்று நினைத்துவிடுவார்கள். பொட்டாசியம் குறைந்திருந்தால் 2-க்கு முன்னாலேயே இதெல்லாம் வரலாம். சிறுநீர் பெருக்கும் மாத்திரையைச் சேர்த்து எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைவது சகஜம்.

தேர்வுத் தாளில் இந்த ஆபத்தை அடையாளம் காட்டும் வரி, பெரும்பாலும் நோயாளி விவரத்தின் நடுவே ஒளிந்திருக்கும் கிரியேட்டினின் அளவு. சரியான விடை, தினசரி அளவைப் பாதியாக்கி 0.125 மி.கி. தருவது. அப்போதும் ஸ்டெடி ஸ்டேட் 1-இல் நிற்க அதே 16 முதல் 20 நாள் ஆகும். சிறுநீரக நோயில் பரவல் கொள்ளளவும் ஓரளவு குறைவதால், நடைமுறையில் லோடிங் டோஸையும் கொஞ்சம் குறைப்பார்கள். ஆனால் தேர்வுக் கேள்வி பொதுவாக அவ்வளவு தூரம் போவதில்லை.

இன்னொரு தவறு, இரத்தம் எடுக்கும் நேரத்தில். காலை எட்டு மணிக்கு மாத்திரை கொடுத்து ஒன்பது மணிக்கு இரத்தம் எடுத்தால் அளவு 3 என்றுகூட வரலாம். மருந்து இன்னும் தசைக்கும் இதயத்துக்கும் போய்ச் சேராமல் இரத்தத்திலேயே இருப்பதால் வரும் பொய்க்கணக்கு அது. குறைந்தது 6 மணி நேரம் கழித்து, இயன்றால் அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால் எடுக்க வேண்டும்.

இத்தனை கணக்கும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: உடலில் மருந்து கூடக்கூட வெளியேற்றமும் அதே விகிதத்தில் கூட வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் இதற்குக் கட்டுப்படாது. கல்லீரலில் அதை உடைக்கும் என்சைமுக்கு நாளொன்றுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. ஒருவருக்கு அந்த வரம்பு 400 மி.கி., என்சைம் பாதி வேகத்தில் ஓடும் அளவு லிட்டருக்கு 4 மி.கி. என்று கேள்வித்தாள் தருவதாக வைத்துக்கொள்வோம். தினம் 300 மி.கி. கொடுத்தால் 4-ஐ 300-ஆல் பெருக்கி, வரம்புக்கு மிஞ்சிய 100-ஆல் வகுக்க 12 வருகிறது. 10 முதல் 20 வரை இருக்க வேண்டிய மருந்துக்கு நல்ல அளவு. வலிப்பு முழுதாக அடங்கவில்லையே என்று வெறும் 50 மி.கி. கூட்டினால், 4-ஐ 350-ஆல் பெருக்கி 50-ஆல் வகுக்க வேண்டும். விடை 28. கண்விழி தானாக ஆடுவதும் நடை தள்ளாடுவதும் இந்த அளவில்தான். டோஸில் ஆறில் ஒரு பங்கு கூடியதற்கு இரத்தத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. 400 மி.கி. ஆக்கிவிட்டாலோ ஸ்டெடி ஸ்டேட் என்பதே கிடையாது, கொடுக்கும்வரை அளவு ஏறிக்கொண்டே போகும். கேள்வியில் Km, Vmax என்ற இரண்டு எழுத்துக்குறிகளைப் பார்த்தால், நான்கு முதல் ஐந்து அரை ஆயுள் விதியை அங்கே பயன்படுத்தக் கூடாது.