மேலே ஏறிய மைனஸ்

2⁻³ எவ்வளவு என்று கேட்டால் மாணவர்களிடமிருந்து வழக்கமாக மூன்று விடைகள் வரும்: −6, −8, 1/8. கடைசியாக உள்ளதுதான் சரி. −6 என்று எழுதியவர் அடுக்கைப் பெருக்கல் என்று நினைத்துவிட்டார். அவரைத் திருத்துவது சுலபம். −8 எழுதியவரின் கதை வேறு. அவருக்கு அடுக்கு என்றால் என்னவென்று தெரியும், எட்டு வரை ஒழுங்காகவே வந்துவிட்டார். மேலே இருந்த மைனஸை என்ன செய்வதென்று தெரியாமல் அதை இறக்கி எண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டார்.

அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பம் தீரும். 2⁴ என்பது 16. 2³ என்பது 8. 2² என்பது 4. 2¹ என்பது 2. அடுக்கு ஒன்று குறையும்போதெல்லாம் விடை பாதியாகிறது, அதாவது இரண்டால் வகுபடுகிறது. இன்னும் ஒரு படி இறங்கினால் 2⁰. இரண்டில் பாதி 1. அதற்கும் கீழே 2⁻¹ என்பது 1/2, 2⁻² என்பது 1/4, 2⁻³ என்பது 1/8. இப்படி எத்தனை படி இறங்கினாலும் விடை சிறிதாகிக்கொண்டே போகுமே தவிர, பூஜ்ஜியத்தைத் தாண்டி மறுபக்கம் போகாது. அடுக்கில் உள்ள மைனஸ் ‘வகு’ என்கிறது. விடையின் குறியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

எதன் அடுக்கு பூஜ்ஜியமானாலும் விடை 1 என்ற விதியும் இதே இறக்கத்தில் கிடைத்ததுதான். ஐந்தை எடுத்துக்கொண்டாலும் 125, 25, 5 என்று வந்து 1-இல்தான் கால் வைக்க வேண்டும். இந்த யோசனை புதியதல்ல. பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா ஷூக்கே 1484-இல் எழுதிய கையெழுத்துப் பிரதியிலேயே பூஜ்ஜிய அடுக்கும் மைனஸ் அடுக்கும் இருக்கின்றன. பாவம், அது அச்சேறியது 1880-இல். நாம் இன்று எழுதுவதுபோல் அடுக்கைச் சிறிய எண்ணாக மேலே தூக்கி எழுதும் வழக்கத்தை 1637-இல் தன் நூலால் பரப்பிய டெக்கார்ட், நேர் முழு எண்களோடு நிறுத்திக்கொண்டார்.

விதிகள் தெரிந்தும் மதிப்பெண் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அடுக்கு எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. தன்னை ஒட்டியிருப்பதைத் தவிர வேறு எதையும் அடுக்கு தொடாது. 5x⁰ என்பதில் பூஜ்ஜியம் x-க்கு மட்டும் சொந்தம். ஆகவே விடை 5. (5x)⁰ என்றால் அடைப்பு முழுவதற்கும் சொந்தம், விடை 1. அதுபோலவே 2x⁻¹ என்பது 2/x. (2x)⁻¹ என்பது 1/(2x). முதலாவது இரண்டாவதைப்போல் நான்கு மடங்கு.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். சுருக்க வேண்டியது இது:

(3a⁻²b)⁻² × 18a⁰b³ ÷ (4a⁶b⁻¹)

முதல் அடைப்பின் மேல் −2 இருக்கிறது. உள்ளே பெருக்கலாக இருக்கும் மூன்றுக்கும் அது போய்ச் சேர வேண்டும். 3 என்பது 3⁻² ஆகிறது, அதாவது 1/9. a⁻² என்பதில் அடுக்குகளைப் பெருக்கினால் a⁴. b என்பது b⁻². ஆக, முதல் பகுதி a⁴b⁻²/9. அடுத்த பகுதியில் a⁰ என்பது 1, எனவே 18b³ மிஞ்சுகிறது. இரண்டையும் பெருக்கினால் 18/9 என்பது 2. B-யின் அடுக்குகளான −2, 3 இரண்டையும் கூட்டினால் 1. கிடைப்பது 2a⁴b. இதை 4a⁶b⁻¹ என்பதால் வகுக்க, எண்கள் 2/4, அதாவது 1/2. a-யின் அடுக்கு 4 − 6 = −2. b-யின் அடுக்கு 1 − (−1) = 2. முடிவு b²/(2a²).

வழுக்கும் இடங்கள் இந்தப் பாதையிலேயே இருக்கின்றன. எண்ணான 3-ஐ அடுக்கு தொடாது என்று அப்படியே விட்டால் 27b²/(2a²) வரும். 18a⁰ முழுவதையும் 1 என்று எழுதினால் b²/(36a²) வரும். கடைசியில் 1 − (−1) என்பதை 0 என்று போட்டால் b² காணாமல் போய் 1/(2a²) நிற்கும். இந்த மூன்றும் பார்வைக்கு ஒழுங்கான விடைகள்தாம். கண்ணால் பார்த்து எந்தச் சந்தேகமும் வராது.

அதனால் எண் போட்டுப் பார்க்க வேண்டும். a = 2, b = 3 என்று வைத்தால் மூலக் கோவையின் முதல் அடைப்புக்குள் 9/4 வருகிறது; அதன் −2 அடுக்கு 16/81. அதை 18 × 27 = 486-ஆல் பெருக்க 96. வகுக்கும் பகுதி 4 × 64 ÷ 3, அதாவது 256/3. விடை 9/8. நாம் சுருக்கிய b²/(2a²)-இலும் 9/8 வருகிறது. தவறான மூன்றில் வருபவை 243/8, 1/16, 1/8. எழுத்துகளுக்கு 1 என்ற எண்ணைக் கொடுப்பவர்கள் உண்டு; சுலபம் என்று தோன்றும். ஆனால் ஒன்றின் எந்த அடுக்கும் ஒன்றுதான் என்பதால் அடுக்கில் நடந்த பிழை முழுவதும் மறைந்துவிடும். மேலே சொன்ன 1/(2a²)கூட அந்தச் சோதனையில் தேறிவிடும்.

அடுக்கு உள்ளே போய்ச் சேர்வது பெருக்கலிலும் வகுத்தலிலும் மட்டுமே. கூட்டல் வந்தால் கதவு அடைபடும். (x⁻¹ + y⁻¹)⁻¹ என்பதைப் பார்த்ததும் கை தானாக x + y என்று எழுதப் போகும். எழுதலாமா என்று ஒரு தண்ணீர்த் தொட்டியிடம் கேட்கலாம். ஒரு குழாய் தொட்டியை 3 மணி நேரத்தில் நிரப்புகிறது, இன்னொன்று 6 மணி நேரத்தில். இரண்டையும் திறந்துவிட்டால் ஆகும் நேரம் (3⁻¹ + 6⁻¹)⁻¹. ஒரு மணி நேரத்தில் 1/3 பங்கும் 1/6 பங்கும் நிரம்புகின்றன, கூட்டினால் 1/2. ஆகவே 2 மணி நேரம். x + y என்று எழுதியவருக்கு 9 மணி நேரம் ஆகும். இரண்டாவது குழாயைத் திறந்ததால் தொட்டி மெதுவாக நிரம்புகிறது என்று அவர் சொல்கிறார்! சரியான சுருக்கம் xy/(x + y).

எண்ணுக்கு முன்னால் நிற்கும் மைனஸிலும் இதே சங்கதிதான். −3² என்பதில் இரண்டின் அடுக்கு 3-க்கு மட்டும், விடை −9. (−3)² தான் 9. பாடப்புத்தக வழக்கம் இது. ஆனால் எக்செலில் `=-3^2` என்று தட்டினால் 9 வரும். அந்த மென்பொருள் மைனஸை முதலில் எண்ணோடு சேர்த்துவிடுகிறது. பைத்தானில் `-3**2` என்றால் −9. இரண்டிலும் வேலை செய்பவர்கள் அடைப்புக்குறி போட்டுவிடுவது நல்லது.

மேலே சுருக்கிய கோவையில் a, b இரண்டும் பூஜ்ஜியமாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. மைனஸ் அடுக்கு என்றாலே வகுத்தல். பூஜ்ஜியத்தால் வகுக்க வழியில்லை. விடையான b²/(2a²)-ஐ மட்டும் பார்த்தால் b பூஜ்ஜியமாகலாம் போலத் தெரியும். மூலக் கோவையில் b⁻¹ இருந்ததால் அதற்கும் அனுமதி இல்லை. (x − 2)⁰ = 1 என்பதும் அப்படித்தான், x இரண்டாக இல்லாதவரை சரி.

x இரண்டானால் 0⁰ என்று வந்து நிற்கும். படியிறங்கிப் பார்த்தால் 0³, 0², 0¹ எல்லாம் பூஜ்ஜியம். அடுத்த படிக்குப் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டியிருப்பதால் அங்கேயே நின்றுவிடுகிறோம். மறுபக்கம் 3⁰, 2⁰, 1⁰ என்று வந்தால் எல்லாம் 1. பள்ளிக் கணக்கில் இதை வரையறுக்கப்படாதது என்று விட்டுவிடுகிறார்கள். உயர்கணிதத்தில் சில பிரிவுகள் வசதிக்காக 1 என்று வைத்துக்கொள்கின்றன. கணினிகளும் இதில் ஒத்துப்போகவில்லை: பைத்தானில் `0**0` கொடுத்தால் 1 வரும், எக்செலில் `=0^0` கொடுத்தால் `#NUM!` வரும்.