கடன் சங்கத்தின் லாபத்துக்கு வரி கேட்டு நோட்டீஸ் வந்தால்

கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு வருமான வரி இலாகாவிலிருந்து ஒரு நோட்டீஸ் வருகிறது. சங்கம் தன் லாபம் முழுவதற்கும் 80-பி பிரிவின்படி கழிவு கேட்டிருந்தது. அந்தக் கழிவை ஏன் மறுக்கக் கூடாது என்று காரணம் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல ஒரு வாரமோ பத்து நாளோதான் தவணை. தபாலில் வந்தால் யாராவது பார்ப்பார்கள். இப்போது இது மின்னஞ்சலில் வருகிறது. அந்த முகவரி ஓய்வு பெற்றுப் போன பழைய செயலாளருடையதாக இருந்துவிடுவது உண்டு. கணக்கு எழுதிக் கொடுத்தவருடையதாக இருப்பதும் உண்டு. பதில் போகாவிட்டால் உத்தரவு வரும். அதன் பின் மத்திய கூட்டுறவு வங்கியில் உள்ள சங்கத்தின் கணக்கையே முடக்கலாம். பயிர்க்கடன் பட்டுவாடா செய்யும் மாதத்தில் அப்படி நேர்ந்தால் பாதிக்கப்படுவது உறுப்பினர்கள்தான்.

நோட்டீஸ் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, சங்கம் அந்த ஆண்டின் வருமானக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்ததா என்பதைத்தான். 2018-19 மதிப்பீட்டு ஆண்டு முதல் 80-ஏசி பிரிவின்படி, கெடுவுக்குள் தாக்கல் செய்யாத சங்கத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. தணிக்கை கட்டாயமாக உள்ள சங்கங்களுக்குப் பொதுவாக அக்டோபர் 31 கெடு. கூட்டுறவுத் தணிக்கை முடியத் தாமதமானதால் கெடுவைத் தவறவிட்ட சங்கங்கள் ஏராளம். இந்தக் குறை மட்டும் இருந்தால் வாதம் எவ்வளவு பேசினாலும் பயனில்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போட வேண்டும். தணிக்கைத் தாமதத்தால் தவறிய 2018-19 முதல் 2022-23 வரையான மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு அத்தகைய மனுக்களைத் தலைமை ஆணையர்களே முடிவு செய்யலாம் என்று மத்திய நேர்முக வரிகள் வாரியம் 2023 ஜூலையில் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த மனுவுடன் தணிக்கையாளர் நியமிக்கப்பட்ட தேதியையும் சான்று கொடுத்த தேதியையும் காட்டும் கடிதங்களை வைப்பது முக்கியம்.

கெடுவுக்குள் தாக்கல் செய்த ஒரு சங்கத்தை இங்கே உதாரணமாக எடுத்துக் கொள்வோம். உறுப்பினர்களுக்குக் கொடுத்த கடனுக்கு வட்டியாக 42,00,000 ரூபாய் வந்தது. மத்திய கூட்டுறவு வங்கியில் போட்டிருந்த 1,20,00,000 ரூபாய் வைப்புத் தொகைக்கு வட்டி 9,00,000 ரூபாய். சங்கம் தன்னிடம் வைப்பு வைத்தவர்களுக்குக் கொடுத்த வட்டி 34,00,000. சம்பளம், கட்டிடம், மற்றச் செலவுகள் 11,50,000. மீதி லாபம் 5,50,000 ரூபாய். இதற்கு முழுக் கழிவு கேட்டுப் பூஜ்ய வருமானம் காட்டியது. கழிவு மறுக்கப்பட்டால் கூட்டுறவுச் சங்கத்துக்கான விகிதப்படி வரியும் 4 சதவீத மேல்வரியும் சேர்ந்து 1,68,480 ரூபாய். வட்டியும் அபராதமும் வந்தால் அவை தனி.

நோட்டீஸில் மூன்று காரணங்கள் இருந்தன. உங்கள் சங்கம் வங்கி போல நடக்கிறது என்பது ஒன்று. கடன் வாங்கியவர்களில் பலர் முழு உறுப்பினர் அல்லர் என்பது இரண்டு. வைப்புத் தொகை வட்டி கடன் தொழிலில் வந்த லாபமல்ல என்பது மூன்று. பல சங்கங்கள் இங்கேதான் தவறு செய்கின்றன. ‘நாங்கள் ஏழை விவசாயிகளின் சேவை நிறுவனம், கருணை காட்டவும்’ என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அதிகாரி கருணை காட்ட முடியாது. மூன்று கேள்விக்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு தஸ்தாவேஜைக் காட்டிப் பதில் எழுத வேண்டும்.

வங்கி என்ற குற்றச்சாட்டு பெயரிலிருந்தே கிளம்புவது. நம் மாநிலத்தில் பல கடன் சங்கங்கள் ‘தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கி’ என்ற பெயரில் இயங்கியவை. 80-பி பிரிவின் 4-ஆம் உட்பிரிவு கூட்டுறவு வங்கிக்குக் கழிவு இல்லை என்கிறது. ஆனால் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்தை அந்த உட்பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. இதைப் பதிலின் முதல் வரியிலேயே எழுதலாம். அதற்கு அதிகாரி, ‘உங்கள் கடனில் பயிர்க்கடன் கொஞ்சம், நகைக்கடன்தான் அதிகம், ஆகவே நீங்கள் வேளாண்மைக் கடன் சங்கமே அல்ல’ என்று சொல்லக்கூடும். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்து மாவிலாயி சேவைக் கூட்டுறவு வங்கி உள்ளிட்ட சங்கங்களுக்கு இதே சங்கடம்தான் வந்தது. கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2019-ல் சங்கங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 12-ல் அதை மாற்றியது. ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று வங்கித் தொழில் செய்யும் கூட்டுறவு வங்கிக்குத்தான் அந்தத் தடை பொருந்தும். உறுப்பினர்களுக்குக் கடன் கொடுக்கும் சங்கத்தின் கழிவு, அந்தக் கடன் விவசாயத்துக்கா வேறு எதற்கா என்பதைப் பொறுத்ததல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

ஆகவே பதிலுடன் பதிவுச் சான்று, துணை விதிகள், சங்கத்திடம் ரிசர்வ் வங்கி உரிமம் இல்லை என்ற செயலாளரின் உறுதிமொழி ஆகிய மூன்றும் போக வேண்டும். கூட்டுறவுத் துறையிடமிருந்தும் ஒரு கடிதம் வாங்க முடிந்தால் நல்லது.

அடுத்தது உறுப்பினர் விஷயம். இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். நகைக்கடன் வாங்க வருபவரை நாம் இணை உறுப்பினராகச் சேர்த்துக் கொள்கிறோம். அவருக்கு ஓட்டு இல்லை, லாபப் பங்கும் இல்லை. ஆகவே இவர் உறுப்பினரல்ல, பொதுமக்களில் ஒருவர் என்று அதிகாரி எழுதுகிறார். அதற்கு ஆதாரமாக ஐதராபாத் சிட்டிசன் கூட்டுறவுச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னதைக் காட்டுவார். அந்தத் தீர்ப்பைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அந்தச் சங்கம் தான் பதிவான சட்டம் அனுமதிக்காத பெயரளவு உறுப்பினர்களைச் சேர்த்து வைப்புத் தொகை வாங்கியது, பொதுமக்களுக்கும் கடன் கொடுத்தது என்பது அங்கே கண்ட உண்மை. நம்முடைய 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் உறுப்பினர் என்ற சொல்லின் விளக்கமே இணை உறுப்பினரையும் சேர்த்துக் கொள்கிறது. வீரகேரளம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல் இதை ஏற்றுக் கொண்டது. மாவிலாயி தீர்ப்பும் அந்தந்த மாநிலச் சட்டத்தின்படிதான் உறுப்பினர் யார் என்று பார்க்க வேண்டும் என்கிறது.

ஆனால் சட்டம் நம் பக்கம் இருந்தால் போதாது. பதிவேடும் நம் பக்கம் இருக்க வேண்டும். அந்த ஆண்டில் கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் உறுப்பினர் எண், சேர்ந்த தேதி, கடன் கொடுத்த தேதி மூன்றையும் ஒரே பட்டியலில் எழுதிப் பாருங்கள். சேர்ந்த தேதி கடன் தேதிக்கு முந்தியதாகவோ அதே நாளாகவோ இருக்க வேண்டும். கடன் கொடுத்து இரண்டு மாதம் கழித்துச் சேர்த்ததாக ஐந்தாறு பேர் தட்டுப்பட்டால் அவர்களை மறைக்கக் கூடாது, தேதியைத் திருத்தவும் கூடாது. அதிகாரி மாதிரிக்குப் பத்துப் பேரைக் கேட்பார். அதில் ஒருவர் பொய்யாகிப் போனால் மற்ற ஒன்பது பேர் மீதும் சந்தேகம் விழும். உறுப்பினர் அல்லாதவருக்குக் கொடுத்த கடனின் லாபத்துக்கு மட்டும் கழிவு இல்லை என்றுதான் மாவிலாயி தீர்ப்பு சொல்கிறது. ஆகவே அந்தப் பங்கை நாமே கணக்கிட்டுத் தனியாகக் காட்டிவிட்டால் மீதி லாபம் தப்பும்.

மூன்றாவது வைப்பு வட்டி. சிர்சியில் உள்ள தோட்டகாரர் கூட்டுறவு விற்பனைச் சங்க வழக்கில் 2010-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அதிகாரி எடுத்துக் காட்டுவார். அந்தச் சங்கம் உறுப்பினர்களின் விளைபொருளை விற்ற பணத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் வைப்பில் போட்டு வைத்திருந்தது. அந்த வட்டி வேறு வகை வருமானம் என்பது தீர்ப்பு. நம் பதில் இரண்டு படியாக இருக்க வேண்டும். முதல் படியில், மத்திய கூட்டுறவு வங்கியும் பதிவு பெற்ற ஒரு கூட்டுறவுச் சங்கமே. இன்னொரு கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட முதலீட்டின் வட்டிக்கு 80-பி பிரிவிலேயே தனிக் கழிவு இருக்கிறது. 4-ஆம் உட்பிரிவு அந்த வங்கி தனக்காகக் கேட்கும் கழிவைத்தான் தடுக்கிறது, நம்முடையதை அல்ல என்று எழுதலாம். இதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2017-ல் எதிராகவும் சொல்லியிருக்கிறது. தேசிய வங்கியில் போட்ட பணத்துக்கு இந்த வாதமே பொருந்தாது.

அதனால் இரண்டாம் படியைக் கட்டாயம் எழுத வேண்டும். ‘மேற்படி வாதத்தை ஏற்காவிட்டாலும்’ என்று தொடங்கி, அந்த வட்டியைச் சம்பாதிக்க ஆன செலவைக் கழிக்கும்படி 57-ஆம் பிரிவின்படி கேட்க வேண்டும். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 9,00,000 ரூபாயை அப்படியே தனியே எடுத்துவிட்டால், மற்றச் செலவெல்லாம் கடன் தொழிலின் தலையில் விழுகிறது. 42,00,000 வரவுக்கு 45,50,000 செலவு என்று ஆகி, அத்தொழில் 3,50,000 நஷ்டமாகத் தெரியும். நஷ்டத்துக்கு ஏது கழிவு? இரண்டையும் சேர்த்தால் மீண்டும் அதே 5,50,000. வரியும் அதே 1,68,480. மாறாக, அந்த 1,20,00,000 ரூபாய் உறுப்பினர்களிடம் 7 சதவீதத்துக்கு வாங்கிய வைப்பிலிருந்து போனது என்று ஐந்தொகையைக் கொண்டு காட்டினால், அதற்கான செலவு 8,40,000. மிஞ்சுவது 60,000 ரூபாய். அதற்கு வரியும் மேல்வரியும் 15,600. மீதி 4,90,000 கடன் தொழிலின் லாபமாக நின்று கழிவு பெறும். வைப்பில் போட்டது சங்கத்தின் சொந்த ஒதுக்கு நிதியாக இருந்தால், அதற்கு வட்டிச் செலவு இல்லையாதலால் இந்தக் கணக்கு செல்லாது.

தவணை போதாவிட்டால் கெடு முடியும் முன்பே இணையத் தளத்திலேயே கூடுதல் அவகாசம் கேட்டு அதன் ரசீதை வைத்துக் கொள்ளுங்கள். நேரில் சொல்ல விரும்பினால் காணொளி விசாரணை வேண்டும் என்று பதிலிலேயே எழுதிக் கேளுங்கள். இத்தனைக்கும் பிறகு எதிராக உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் ஆணையரிடம் 35-ஆம் எண் படிவத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். மதிப்பிட்ட வருமானம் 2,00,000 ரூபாய்க்கு மேல் என்றால் கட்டணம் 1,000 ரூபாய். மேல்முறையீடு போட்டதாலேயே வசூல் நின்றுவிடாது. தடை கேட்டுத் தனி மனு கொடுக்க வேண்டும். பொதுவாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள், நம் உதாரணத்தில் அது ஏறக்குறைய 33,700 ரூபாய். அபராத நோட்டீஸ் தனியே வரும். அதற்கும் தனியே பதில் போக வேண்டும்.

1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டுச் சட்டம் என்றாலும், அதற்கு முந்திய ஆண்டுகளைப் பற்றிய நோட்டீஸ்களுக்குப் பழைய பிரிவுகளைக் குறிப்பிட்டே பதில் எழுத வேண்டும். இணையத் தளத்தில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் இப்போதைய செயலாளருடையவைதானா என்று அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்கலாம்.