படத்தொகுப்பாளரின் விண்ணப்பமும் படைப்புக் குறிப்பும்

நாலைந்து பேர் மட்டுமே பணிபுரியும் ஒரு சிறிய படத்தயாரிப்பு நிறுவனத்திற்குக் காணொளித் தொகுப்பாளர் ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். அங்கே கடிதத்தைப் பிரித்துப் படிப்பவர் பெரும்பாலும் இயக்குநரே ஆவார். இவரிடம் பதிவுகளைக் கொடுத்தால் கதை உருவாகுமா, கொடுத்தவை பத்திரமாக இருக்குமா என்னும் இரண்டையே அவர் அறிய விரும்புவார்.

இரண்டாம் ஐயத்தைத் தீர்க்கக் கடிதத்தில் ஒரு வரி போதும். “பதிவு வந்தவுடன் இரு தனித்தனி வட்டுகளில் படியெடுத்து, சரிபார்த்த பின்னரே காமிரா அட்டையை அழிப்பேன்” என்று எழுதலாம். ‘கடின உழைப்பாளி’ என்று பத்து முறை எழுதுவதைவிட இதற்கு மதிப்பு மிகுதி.

முதல் ஐயத்தைத் தீர்ப்பதுதான் கடினம். விண்ணப்பத்துடன் ஒன்றரை நிமிட மாதிரித் தொகுப்பை அனுப்புவது வழக்கம். ஆனால் இசைக்கேற்ப விரைந்து மாறும் காட்சிகளில் தொகுப்பாளரின் திறமை எளிதில் தெரிவதில்லை. தாளமே குறைகளை மூடிவிடும். மேலும், அவர் எதை நீக்கினார் என்பது முடிந்த படத்தில் தெரியாதன்றோ? ஆகவே முழுப்படம் ஒன்றைக் காட்டி, அதனடியில் குறிப்பு எழுதுதல் வேண்டும். அக்குறிப்பு இவ்வாறு அமையலாம்:

“நெசவாளர் ஒருவரைப் பற்றிய 6 நிமிடப் படம். கிடைத்த பதிவு 3 மணி நேரம். நேர்காணல் ஒரே காமிராவில் எடுக்கப்பட்டது. தந்தையைப் பற்றிப் பேசுகையில் அவர் மூன்று முறை தடுமாறி மீண்டும் தொடங்கினார். அத்தடுமாற்றங்களை நீக்கியதும் உருவம் குதித்தது. அவ்விடங்களில் தறியில் இயங்கும் கைகளை வைத்தேன். 2 நிமிடம் 10 விநாடியில் தறியோசை காட்சிக்கு முன்பே தொடங்குகிறது. தொகுப்பும் ஒலியிணைப்பும் என்னுடையவை. வண்ணச் சீரமைப்பு வேறொருவருடையது.”

இதைப் படித்த இயக்குநர் நேரே அந்த 2 நிமிடம் 10 விநாடிக்குச் செல்வார். ஓசை முந்தி வருவதால் பேச்சிலிருந்து தறிக்கு மாறுவது உறுத்தாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். கைகள் தோன்றும் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மூச்சு பாதியில் அறுந்தாலோ, பின்னணி இரைச்சல் திடீரென மாறினாலோ ஒட்டு வெளிப்பட்டுவிடும். காட்சியால் மறைத்ததைக் காது கண்டுபிடித்துவிடும்!

வண்ணத்தைப் பற்றிய கடைசி வரியை விட்டுவிடுவோர் பலர். அதை இயக்குநர் பாராட்டி, அதே வேலையைச் செய்யச் சொன்னால் என்ன செய்வது? மூவர் வேலையை ஒருவரே பார்க்கும் இடத்தில் முதல் வாரத்திலேயே உண்மை தெரிந்துவிடும்.

இன்னும் வெளிவராத படமாயின், உரியவரின் இசைவு பெற்றே காட்டுதல் வேண்டும். இணைப்பு முகவரியை, தம் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகோ பிறருடைய கைப்பேசியிலோ திறந்து பார்த்து அனுப்புவது நலம். அனுப்பியவருக்கு மட்டும் திறந்து, இயக்குநரிடம் அனுமதி கேட்டு நிற்கும் படங்கள் ஏராளம். அவர் அனுமதி வேண்டிக் காத்திராமல் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிடுவார்.