தடைபட்ட வாட்ஸ்அப்: பழைய உரையாடல் எங்கே போகிறது?

2025 அக்டோபர் 10 அன்று, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு முன் ஒரு மருத்துவரின் மனு வந்தது. நோய் கண்டறியும் மையம் நடத்தும் அவருடைய வாட்ஸ்அப் கணக்கு காரணம் சொல்லாமல் முடக்கப்பட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நோயாளிகளுடனும் வாடிக்கையாளர்களுடனும் அதில்தான் பேசிவந்ததாக அவர் தரப்பு சொன்னது. வாட்ஸ்அப் வைத்திருப்பது எப்படி அடிப்படை உரிமையாகும் என்று கேட்ட நீதிபதிகள், இங்கேயே உருவான அரட்டை செயலி இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்றார்கள். மனு திரும்பப் பெறப்பட்டது.

அரட்டையைச் செய்த ஸோஹோ நமக்குப் பக்கத்து நிறுவனம்தான். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போய் அதைத் தாண்டினால் மத்தளம்பாறை; 2011 முதல் அங்கே அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. புதிய செயலியில் நாளை முதல் பேசத் தொடங்கலாம் என்பது சரிதான். நேற்றுவரை பேசியதைப் புதிய செயலி தராது. கணக்குத் தடைபட்டவர்களுக்கு அதுதான் பெரிய இழப்பு. அதில் எவ்வளவு மீளும், எது மீளாது என்பதைத் தெரிந்துகொள்ள, அந்தச் செய்திகள் எங்கே கிடக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் செய்தி அனுப்புபவர் போனில் பூட்டப்பட்டு, பெறுபவர் போனில் திறக்கப்படுகிறது. போய்ச் சேர்ந்த செய்தியை நிறுவனம் தன் சர்வரில் வைத்துக்கொள்வதில்லை. சேராத செய்தியைத்தான் பூட்டிய நிலையில் 30 நாள் வரை வைத்திருக்கும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே, "என் பழைய உரையாடலைக் கொடுங்கள்" என்று நிறுவனத்திடம் கேட்டால், கொடுக்க அவர்களிடம் அது இல்லை. இருப்பது உங்கள் போனில். அதன் காப்புப்பிரதி கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ இருக்கலாம். தடை விழும்போது பறிபோவது அதைத் திறந்து பார்க்கும் வழி.

சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெளியூர் டீலர்கள் ஆர்டரை வாய்ஸ் மெசேஜில் சொல்கிறார்கள். லாரி ஆபீஸில் போட்ட எல்.ஆர். ரசீதைப் படமெடுத்து இவர் அனுப்புகிறார். பணம் போட்டதற்கான ஜிபே ஸ்கிரீன்ஷாட் திரும்பி வருகிறது. விலை மாறியதும், தன் எண்ணைச் சேமித்து வைக்காத நூற்றுக்கணக்கானவர்களுக்குப் புதிய விலைப்பட்டியலை ஒரே நாளில் அனுப்புகிறார். சிலர் "புகாரளி" என்பதை அழுத்திவிட, மறுநாள் காலையில் திரையில் தடைச் செய்தி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்குக் கூரியர் ஆர்டர் எடுக்கும் கடைக்கும் இது நடக்கலாம். ஆடிப்பூரத்துக்கு முந்தைய வாரம் நடந்தால் பாதிப்பு இன்னும் அதிகம்.

இந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்வது, செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவது. செய்யக் கூடாத முதல் காரியம் இதுதான். நீக்கும்போது, போனின் உட்பகுதியில் செயலி மட்டும் தொடக்கூடிய இடத்தில் இருக்கும் தரவுத்தளமும் அதன் சாவியும் சேர்ந்தே அழிகின்றன. செட்டிங்ஸில் போய் "கிளியர் டேட்டா" கொடுத்தாலும் இதே கதிதான்.

அதற்குப் பதிலாக, யூஎஸ்பி வயரில் போனைக் கணினியுடன் இணைத்து இந்த ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுக்க வேண்டும். முதல் வரி சாதாரண வாட்ஸ்அப்புக்கு, இரண்டாவது வாட்ஸ்அப் பிசினஸுக்கு:

```
Android/media/com.whatsapp/WhatsApp
Android/media/com.whatsapp.w4b/WhatsApp Business
```

உள்ளே `Media` என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் உள்ள படங்களும் பிடிஎஃப்களும் வாய்ஸ் மெசேஜ்களும் எந்தப் பூட்டும் போடாத சாதாரணக் கோப்புகள் என்பது பலருக்குத் தெரியாது. கணக்கு இருந்தாலும் போனாலும் அவை திறக்கும். பெயரைக் கவனித்தால் இன்னொரு உதவியும் கிடைக்கும். `IMG-20251004-WA0012.jpg` என்றால் 2025 அக்டோபர் 4 என்ற தேதியிட்ட படம்; கடைசி எண் அன்றைய வரிசை. `PTT` என்று தொடங்குபவை வாய்ஸ் மெசேஜ்கள். நாம் அனுப்பிய படங்கள் `Sent` என்ற உள் ஃபோல்டரில் தனியாக இருக்கும். யார் அனுப்பினார் என்பது பெயரில் இருக்காது. ஆனால் சத்திரப்பட்டிக்காரருக்கு எல்.ஆர். ரசீதில் டீலர் பெயரும், ஸ்கிரீன்ஷாட்டில் தொகையும், வாய்ஸில் குரலும் இருக்கின்றன. தேதி வாரியாக அடுக்கி, பில் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தால் கணக்கு வழக்கின் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். எழுத்தைவிடப் படமும் குரலும் அதிகம் புழங்கும் வியாபாரத்தில் இது சின்ன விஷயமல்ல.

எழுத்தில் வந்த செய்திகள் பக்கத்து ஃபோல்டரான `Databases`-இல் இருக்கின்றன. தினமும் அதிகாலை 2 மணிக்குச் செயலி ஒரு பிரதி எடுத்து அங்கே வைக்கிறது. ஏறக்குறைய ஒரு வாரப் பிரதிகள் சேர்ந்திருக்கும். கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். `msgstore.db.crypt14` என்று முடிந்தால், அதைத் திறக்கும் சாவி போனின் எட்டாத உட்பகுதியிலும் வாட்ஸ்அப் சர்வரிலும் மட்டுமே உண்டு. எண்ணை எஸ்எம்எஸ் குறியீட்டால் சரிபார்த்த பிறகே சர்வர் சாவியைத் தரும். தடைபட்ட எண் அந்தப் படியைத் தாண்ட முடியாது. கோப்பு உங்கள் கையில் இருந்தும் பயனில்லை. இதை உடைத்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். அந்தப் பூட்டை இன்று யாராலும் உடைக்க முடியாது.

`crypt15` என்று முடிந்தால் கதை வேறு. 2021 அக்டோபரில் வாட்ஸ்அப் தன் காப்புப்பிரதிக்கும் முழுப் பூட்டுப் போடும் வசதியைக் கொண்டுவந்தது. அதை இயக்கும்போது காட்டும் வழிகளில் இரண்டு: கடவுச்சொல் வைப்பது, அல்லது 64 இலக்கச் சாவியை எழுதி வைத்துக்கொள்வது. எளிது என்று பெரும்பாலோர் கடவுச்சொல்லைத் தேர்கிறார்கள். கடவுச்சொல் வைத்தால் உண்மையான சாவி வாட்ஸ்அப்பின் பாதுகாப்புப் பெட்டகத்தில் தங்குகிறது. அதைப் பெற மறுபடியும் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். 64 இலக்கத்தைத் தேர்ந்தவரின் சாவி அவர் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது. அவருக்குக் கணக்கும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். பைத்தான் உள்ள கணினியில், இலவசத் திறமூலக் கருவி ஒன்று இரண்டே வரிகளில் திறந்துவிடும்:

```
pip install wa-crypt-tools
wadecrypt 64-இலக்கச்-சாவி msgstore.db.crypt15 msgstore.db
```

கிடைக்கும் `msgstore.db` ஒரு சாதாரண எஸ்கியூலைட் தரவுத்தளம். ஒரு இலக்கம் தப்பினாலும் திறக்காது. ஆகவே எழுதும்போது இரண்டு முறை சரிபார்ப்பது அவசியம். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் கணக்கு நல்லபடியாக இருப்பவர்கள் இன்றே செய்யக்கூடிய ஒரே வேலை இது என்பேன்: செட்டிங்ஸில் சாட் பேக்கப் பகுதிக்குள் போய் 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுங்கள். ஐபோன்காரர்கள் போனைக் கணினியில் முழுதாகப் பேக்கப் எடுத்து வைத்தாலே போதும். அதற்குள் வாட்ஸ்அப்பின் `ChatStorage.sqlite` தனிப் பூட்டு இல்லாமல் கிடக்கிறது.

சாவியும் இல்லை என்றால், உரையாடலின் இன்னொரு பிரதி எதிர் முனையில் இருக்கிறது. டீலருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, நம்ம சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல அனுப்புங்க" என்று கேட்கலாம். கடைசி 40,000 செய்திகள் வரை எழுத்துக் கோப்பாக வரும். படங்களையும் சேர்த்தால் 10,000. குழுவாக இருந்தால், அவர் சேர்ந்த நாளிலிருந்து உள்ளது மட்டும் வரும். பாக்கி வசூலில் தகராறு உள்ளவரிடம் இப்படிக் கேட்க முடியாது என்பது இந்த வழியின் குறை.

இனி, நிறுவனம் என்ன தரும்? கணக்குத் தகவல் அறிக்கை என்று ஒன்று உண்டு. கேட்டு மூன்று நாளில் தயாராகும். அதில் சுயவிவரம், அமைப்புகள், குழுக்களின் பெயர்கள் இருக்கும். செய்தி ஒன்றுகூட இருக்காது. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(1)(h) பிரிவு, பதிவு ரத்தான பிறகும் பதிவுக்காகப் பெற்ற தகவலை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. கேட்க வேண்டியதை அதற்குள் கேட்பது நல்லது. சொந்தத் தரவைப் பற்றிக் கேட்டறியும் உரிமை 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்டாலும் சர்வரில் இல்லாத செய்தி வராது.

தடையும் செயல்நிறுத்தமும் ஒன்றல்ல. போன் தொலைந்ததும் வாட்ஸ்அப்புக்கு மின்னஞ்சல் எழுதி நாமே கணக்கை நிறுத்திவைத்தால், 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி உள்ளே வந்தால், இடையில் காத்திருந்த செய்திகளும் வந்து சேரும். 31-ஆம் நாள் கணக்கே அழிக்கப்படும். "டெலிட் அக்கவுண்ட்" கொடுப்பது இதைவிடக் கடுமையானது. கூகுள் டிரைவில் இருந்த காப்புப்பிரதியையும் சேர்த்தே அது அழித்துவிடும்.

தடையை நீக்கச் சொல்லி மேல்முறையீடு செய்ய, தடைச் செய்தியிலேயே மறுஆய்வு கோரும் பொத்தான் இருக்கிறது. அங்கே பதில் சாதகமாக இல்லையென்றால் இந்தியாவுக்கான குறைதீர் அலுவலர். அவர் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் `gac.gov.in` தளத்தில் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். 2023-இல் தொடங்கிய இந்தக் குழுவுக்குக் கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 2024 ஆகஸ்டில் வாட்ஸ்அப் இந்தியாவில் தடைசெய்த கணக்குகள் 84 லட்சத்துக்கு மேல். அந்த மாதம் குறைதீர் வழியாக வந்த புகார்கள் 10,707. நடவடிக்கை எடுக்கப்பட்டவை 93.

தடைசெய்த 84 லட்சத்தில் பெரும்பாலானவை மோசடிக் கணக்குகளாக இருக்கலாம். அவற்றை அடைக்க வேண்டியதுதான். நான் கேட்பது, செய்தி அனுப்பும் உரிமையையும் தன் பழைய செய்தியைப் படிக்கும் உரிமையையும் ஏன் ஒரே பூட்டில் மாட்ட வேண்டும் என்பதே. தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. எஸ்எம்எஸ் குறியீட்டால் எண்ணைச் சரிபார்த்து, `crypt14` கோப்புக்கான சாவியை மட்டும் தந்து, அனுப்பும் வசதியை அடைத்தே வைக்கலாம். மெட்டாவின் இன்னொரு பிரிவான ஃபேஸ்புக், முடக்கிய கணக்குக்காரர் முறையிட 180 நாள் தருகிறது. தன் தகவலை இறக்கிக்கொள்ளவும் விடுகிறது. உச்ச நீதிமன்றத்தில் அன்று எழுந்த கேள்வி வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தும் உரிமை பற்றியது. அந்தச் சாவியைக் கேட்கும் மனு வேறொன்று. அதை எடுத்துப் போக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நமக்கு இரண்டு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறது.